தடுமாறும் சோதனை (மென்பொருள்)

தடுமாறும் சோதனை என்பது, நிரலில் எந்த மாற்றமும் செய்யப்படாத நிலையிலும் ஒரு முறை தேர்ச்சியும் மறுமுறை தோல்வியும் காட்டும் தானியங்கி மென்பொருள் சோதனை ஆகும். ஆங்கிலத்தில் இதனை ஃபிளேக்கி டெஸ்ட் என்பர். இத்தகைய சோதனைகள் இரவுநேரச் சோதனை ஓட்டங்களின் அறிக்கையில் மிகுதியாகத் தென்படுகின்றன. நேற்று பச்சையாக இருந்த அறிக்கை இன்று சிவப்பாக இருக்கும். காலையில் மீண்டும் ஓட்டினால் பச்சையாகிவிடும். சிவப்பாகத் தெரிவனவற்றுள் எது உண்மையான பழுது, எது சோதனையின் தடுமாற்றம் என்று பிரித்தறியும் முறையை இக்கட்டுரை ஓர் எடுத்துக்காட்டின் வழியாக விளக்குகிறது.

## இரவுநேரச் சோதனை ஓட்டம்

ஒரு மென்பொருளை எழுதும்போதே அதைச் சோதிக்கும் சிறு நிரல்களையும் நிரலாளர்கள் எழுதி வைக்கின்றனர். ஒவ்வொரு சோதனையும் மென்பொருளின் ஒரு பகுதியை இயக்கி, கிடைத்த விடையையும் எதிர்பார்த்த விடையையும் ஒப்பிடுகிறது. இரண்டும் ஒத்திருந்தால் தேர்ச்சி, வேறுபட்டால் தோல்வி.

விரைவாக முடியும் சோதனைகளை நிரலாளர்கள் பகலில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓட்டிப் பார்க்கின்றனர். தரவுத்தளம், உலாவி, வலைப்பின்னல் ஆகியவற்றைச் சார்ந்த நீண்ட சோதனைகள் முடியப் பல மணி நேரம் ஆகலாம். ஆகவே அன்றைய மாற்றங்கள் அனைத்தையும் சேர்த்து, கணினிகள் ஓய்ந்திருக்கும் இரவில் முழுத் தொகுப்பும் தானாக ஓட்டப்படுகிறது. காலையில் வருபவர் கையில் அதன் அறிக்கை இருக்கும்.

இரவு ஓட்டத்தில் தடுமாற்றம் கூடுதலாகத் தெரிவதற்குக் காரணங்கள் உண்டு. பல மணி நேரம் ஓடும்போது நள்ளிரவு கடக்கிறது, தேதி மாறுகிறது. காப்புநகல் எடுத்தல் போன்ற வேறு பணிகளும் பெரும்பாலும் அதே நேரத்துக்கே ஒதுக்கப்பட்டிருக்கும். நூற்றுக்கணக்கான சோதனைகள் அடுத்தடுத்து ஓடுவதால் முன்னது விட்டுச்சென்ற எச்சம் பின்னதைத் தாக்கும்.

## சிறு தடுமாற்றமும் பெரிய சிவப்பும்

ஒரு சோதனை நூற்றுக்கு ஒரு முறை மட்டுமே காரணமின்றித் தோற்கிறது என்றால் அது அற்பமாகத் தோன்றும். ஆனால் தொகுப்பில் அத்தகைய சோதனைகள் 20 இருந்தால், அவை எல்லாமே ஓர் இரவில் தேர்ச்சி பெறும் வாய்ப்பு 0.99-ஐ 20 முறை பெருக்கிக் கிடைக்கும் எண், அதாவது ஏறத்தாழ 0.82. ஐந்து அல்லது ஆறு இரவுகளுக்கு ஒரு முறை, எவரும் எந்தப் பிழையும் செய்யாமலே அறிக்கை சிவப்பாகும்.

கூகுள் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட விவரம் இதை உறுதிப்படுத்துகிறது. அங்கு நடக்கும் சோதனை ஓட்டங்களில் ஏறத்தாழ 1.5 விழுக்காடே தடுமாற்றத்தைக் காட்டின. ஆயினும், தேர்ச்சியிலிருந்து தோல்விக்கு மாறியதாகப் பதிவான நிகழ்வுகளில் ஏறத்தாழ 84 விழுக்காட்டில் ஒரு தடுமாறும் சோதனை சம்பந்தப்பட்டிருந்தது. புதிதாகச் சிவப்பானவற்றில் பெரும்பாலானவை பழுதே அல்ல என்பது இதன் பொருள். இத்தகைய அறிக்கையை நாள்தோறும் பார்ப்பவர் சில வாரங்களில் சிவப்பைப் பொருட்படுத்தாமல் விடத் தொடங்குவார். அதற்கிடையே வரும் உண்மையான பழுதும் அப்போது கவனிக்கப்படாமல் போகும்.

## பொதுவான காரணங்கள்

இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வொன்று, அப்பாச்சி அறக்கட்டளையின் 51 திட்டங்களில் தடுமாறும் சோதனைகளைச் சரிசெய்த 201 மாற்றங்களை ஆராய்ந்தது. அதில் முதலிடம் பெற்ற காரணம், ஒரு செயல் முடியும்வரை சரியாகக் காத்திராமை. ஒரே நேரத்தில் ஓடும் இரு செயல்கள் ஒன்றையொன்று முந்துதல் இரண்டாவது. சோதனைகள் ஓடும் வரிசையைச் சார்ந்திருத்தல் மூன்றாவது. கடிகாரம், வலைப்பின்னல், குலுக்கல் எண்கள் போன்றவை இவற்றுக்கு அடுத்து வருகின்றன.

இக்காரணங்களில் ஒரு நுட்பம் உண்டு. காத்திராமையும் கடிகாரச் சிக்கலும் சோதனையில் இருக்கலாம். சோதிக்கப்படும் மென்பொருளிலேயும் இருக்கலாம். சோதனையில் இருந்தால் அது அறிக்கைக்கு மட்டுமே தொல்லை. மென்பொருளில் இருந்தால் அதே தடுமாற்றம் பயனர் கையிலும் நிகழும். அறிக்கையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதுதான் இப்பொருளின் அடிப்படைச் சிக்கல்.

## எடுத்துக்காட்டு: ஒரு நூலக மென்பொருளின் அறிக்கை

நூல்களை இரவல் கொடுத்தல், புதுப்பித்தல், தண்டம் கணக்கிடுதல் ஆகியவற்றைச் செய்யும் நூலக மென்பொருள் ஒன்றைக் கற்பனையாகக் கொள்வோம். அது பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. அதன் 600 சோதனைகள் `pytest` என்னும் கருவியால் ஓட்டப்படுகின்றன. ஓட்டம் இரவு 10 மணிக்குத் தொடங்க வேண்டும், முடிய இரண்டரை மணி நேரம் ஆகும். சோதனைக் கணினி வேறு பணியில் இருந்தால் அது முடியும்வரை ஓட்டம் காத்திருக்கும். ஒரு நாள் காலை அறிக்கையில் 591 தேர்ச்சி, 9 தோல்வி என்று இருக்கிறது.

### முதற்படி: செய்தியைக் கொண்டு தொகுத்தல்

ஒன்பது தோல்வி என்பதால் ஒன்பது பழுது என்று பொருளில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் கருவி ஒரு பிழைச்செய்தியையும் அது எழுந்த வரியையும் தருகிறது. முதலில் இவற்றைப் பார்த்து, ஒரே செய்தி உள்ளவற்றை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். இந்த அறிக்கையில் ஆறு சோதனைகள் ஒரே செய்தியைக் காட்டுகின்றன:

```
TypeError: unsupported operand type(s) for *: 'NoneType' and 'int'
```

ஆறும் தண்டம் கணக்கிடும் ஒரே வரியில் நிற்கின்றன. எண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது என்று செய்தி சொல்கிறது. ஆகவே இந்த ஆறும் ஒரு காரணத்தின் ஆறு வெளிப்பாடுகள். எஞ்சியவை `test_search_list`, `test_member_count`, `test_renewed_today` என்னும் மூன்று. ஆராய வேண்டியவை ஒன்பதிலிருந்து நான்காகக் குறைந்துவிட்டன.

### இரண்டாம் படி: இரு நிரல்களிலும் மறுஓட்டம்

தோற்ற சோதனையை மறுபடி ஓட்டிப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். எந்த நிரலில், எந்த நேரத்தில், எந்தச் சூழலில் ஓட்டுவது என்பதே விடையின் மதிப்பைத் தீர்மானிக்கிறது. காலையில் வந்து தம் மேசைக் கணினியில் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பவர், நேரம், கணினி, சுமை, சோதனைகளின் வரிசை ஆகிய நான்கையும் ஒரே வீச்சில் மாற்றிவிடுகிறார். அதில் கிடைக்கும் தேர்ச்சியால் எதையும் முடிவு செய்ய இயலாது.

இதைத் தவிர்க்க, ஓட்டம் முடிந்தவுடனே அதே கணினியில், தோற்றவற்றை மட்டும் இருவகையாக ஓட்டும்படி ஏற்பாடு செய்யலாம். அன்றைய நிரலில் ஐந்து முறை, முந்தைய இரவின் நிரலில் ஐந்து முறை. காலையில் வந்த பின் அன்றைய நிரலில் இன்னும் ஐந்து முறை ஓட்டலாம். நம் எடுத்துக்காட்டில் ஐந்துக்கு எத்தனை முறை தோல்வி என்பதைப் பின்வரும் அட்டவணை காட்டுகிறது.

| சோதனை | இரவில், அன்றைய நிரல் | இரவில், முந்தைய நிரல் | காலை 10 மணி, அன்றைய நிரல் |
|---|---|---|---|
| தண்டச் சோதனைகள் ஆறும் | 5 | 0 | 5 |
| `test_search_list` | 2 | 1 | 0 |
| `test_member_count` | 0 | 0 | 0 |
| `test_renewed_today` | 5 | 5 | 0 |

கடைசி நெடுவரிசையை மட்டும் பார்த்தால், கீழுள்ள மூன்று சோதனைகளும் ஒன்றுபோலவே தெரிகின்றன. "மறுபடி ஓட்டினேன், சரியாகிவிட்டது" என்று மூன்றையும் ஒதுக்கிவிடத் தோன்றும். இரவில் எடுத்த இரு நெடுவரிசைகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அவை மூன்றும் வெவ்வேறு வகை என்பது புலப்படுகிறது.

### தண்டச் சோதனைகள்: உண்மையான பழுது

அன்றைய நிரலில் எப்போதும் தோல்வி, முந்தைய நிரலில் எப்போதும் தேர்ச்சி. நேரம் மாறினாலும் விடை மாறவில்லை. இடையில் செய்யப்பட்ட மாற்றங்களில் ஒன்றே காரணம் என்று உறுதியாகச் சொல்லலாம். எது என்பதைக் கிட் என்னும் பதிப்புக் கருவியைக் கொண்டே தேடலாம்:

```
git bisect start <புதிய-பதிப்பு> <பழைய-பதிப்பு>
git bisect run pytest tests/test_fine.py
```

இக்கட்டளை மாற்றங்களின் வரிசையை நடுவில் வெட்டி, எந்தப் பாதியில் பழுது இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பாதியை மீண்டும் வெட்டுகிறது. அன்று எட்டு மாற்றங்கள் நடந்திருந்தால் மூன்று ஓட்டங்களில் குற்றவாளி கிடைத்துவிடும்.

தடுமாறும் சோதனையைக் கொண்டு இத்தேடலை நடத்தக் கூடாது. பழுதுள்ள ஒரு பதிப்பில் அச்சோதனை தற்செயலாக ஒரு முறை தேர்ச்சி பெற்றால், கருவி அந்தப் பதிப்பை நல்லது என்று குறித்துக்கொண்டு தவறான பாதியில் தேடும். முடிவில் தொடர்பே இல்லாத ஒரு மாற்றத்தையும் அதை எழுதியவரையும் சுட்டிக்காட்டும்.

### தேடல் சோதனை: காத்திராத சோதனை

`test_search_list` புதிய நிரலிலும் தோற்கிறது, பழைய நிரலிலும் தோற்கிறது. இரண்டிலும் சில முறை தேர்ச்சியும் பெறுகிறது. எனவே நேற்றைய மாற்றம் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. சோதனையைத் திறந்து பார்த்தால் இவ்வரிகள் இருக்கின்றன:

```python
page.click("search")
time.sleep(2)
assert page.result_count() == 5
```

தேடல் பொத்தானை அழுத்திவிட்டு இரண்டு வினாடி சும்மா இருந்து, பிறகு எண்ணிப் பார்க்கிறது. பகலில் விடை ஒரு வினாடிக்குள் வந்துவிடுகிறது. இரவு 1 மணியளவில் காப்புநகல் எடுக்கும் பணி வட்டைப் பிடித்துக்கொள்வதால் அதே விடை வர இரண்டு வினாடிக்கு முன்னும் பின்னுமாக ஆகிறது.

`sleep(2)` என்பதை `sleep(10)` என்று மாற்றுவது பலர் செய்யும் தீர்வு. அதனால் தோல்வி குறையும், அற்றுப்போகாது. விடை உடனே வந்துவிட்ட நாளிலும் பத்து வினாடி வீணாகும். சரியான முறை, எதிர்பார்த்த நிலை வரும்வரை சிறு இடைவெளிகளில் பார்த்துக்கொண்டிருந்து, ஓர் உச்சவரம்பு தாண்டினால் மட்டும் தோல்வி என்று சொல்வது. இதற்கென ஒரு சிறு துணைச்செயலைத் திட்டக் குழுவே எழுதிக்கொள்ளலாம்:

```python
page.click("search")
wait_until(lambda: page.result_count() == 5, timeout=15)
```

ஆனால் மாற்றுமுன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். இரு நிரல்களிலும் தேடலுக்கு ஆன நேரம் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் குறை சோதனையினுடையதே. பழைய நிரலில் ஒரு வினாடியும் புதிய நிரலில் எட்டு வினாடியும் ஆகியிருந்தால், தேடலே மெதுவாகிவிட்டது என்று பொருள். அப்போது உச்சவரம்பை 15 வினாடியாக்குவது அந்தப் பழுதை மூடி மறைத்துவிடும்.

### உறுப்பினர் எண்ணிக்கை: வரிசையைச் சார்ந்த சோதனை

`test_member_count` இரவு ஓட்டத்தில் தோற்றது. ஆனால் தனியாக ஓட்டிய 15 முறையும் தேர்ச்சி பெற்றது. முழுத்தொகுப்பில் தோல்வி, தனியாக எப்போதும் தேர்ச்சி என்னும் வடிவம் தெரிந்தால் முதலில் ஐயுற வேண்டியது வரிசையை. தரவுத்தளத்தில் மூன்று உறுப்பினர்கள் இருப்பார்கள் என்று இச்சோதனை எதிர்பார்க்கிறது. அதற்கு முன் ஓடிய ஏதோ ஒரு சோதனை நான்காவது உறுப்பினரைச் சேர்த்துவிட்டு நீக்காமல் போயிருக்கிறது.

இத்திட்டத்தில் சோதனைகளின் வரிசையை ஒவ்வோர் இரவும் கலைத்துப்போட `pytest-randomly` என்னும் கூடுதல் கருவி பயன்படுகிறது. கலைப்பதற்குப் பயன்படுத்திய விதை எண்ணை அது அறிக்கையின் தலைப்பகுதியில் அச்சிடும். அதே எண்ணைக் கொடுத்து முழுத்தொகுப்பையும் ஓட்டினால் அதே வரிசை திரும்பக் கிடைக்கும்:

```
pytest --randomly-seed=48213
```

இப்போது சோதனை ஒவ்வொரு முறையும் தோற்கிறது. தற்செயல் என்று தோன்றியது ஒழுங்காக மீளும் நிகழ்வாக மாறிவிட்டது. அவ்வரிசையில் அதற்கு முன் 240 சோதனைகள் இருந்தால், முதல் 120-ஐ மட்டும் ஓட்டிய பின் இச்சோதனையை ஓட்டிப் பார்க்க வேண்டும். தோற்றால் குற்றவாளி அந்த 120-க்குள், தேர்ச்சி பெற்றால் மறுபாதியில். இவ்வாறு பாதியாக்கிச் சென்றால் எட்டுச் சுற்றுகளில் ஒரு சோதனை எஞ்சும். திருத்த வேண்டியது, தான் சேர்த்த உறுப்பினரை நீக்காமல் விட்ட அந்தச் சோதனையைத்தான். `test_member_count` பாதிக்கப்பட்டது மட்டுமே. அறிக்கையில் சிவப்பாகத் தெரிந்தது அது என்பதால் அதையே திருத்தினால், எச்சத்தை விட்டுச்செல்லும் சோதனை நாளை வேறொன்றைத் தோற்கடிக்கும்.

### புதுப்பித்தல் சோதனை: தடுமாற்ற வேடத்தில் பழுது

எஞ்சியிருப்பது `test_renewed_today`. காலையில் ஐந்துக்கு ஐந்தும் தேர்ச்சி. இரவிலோ இரு நிரல்களிலும் பத்துக்குப் பத்தும் தோல்வி. இவ்வளவு சீராகத் தோற்பது தற்செயலாக இருக்க முடியாது. இரவுக்கும் காலைக்கும் இடையே மாறிய ஏதோ ஒன்று இதைத் தீர்மானிக்கிறது. முந்தைய நிரலிலும் தோற்பதால் காரணம் நேற்றைய மாற்றம் அன்று, பழையது. பிழைச்செய்தி இது:

```
E   assert datetime.date(2024, 3, 13) == datetime.date(2024, 3, 14)
```

தேதி ஒரு நாள் பிந்தியிருக்கிறது. கடந்த 30 இரவுகளின் பதிவை எடுத்துப் பார்த்தால், இச்சோதனை நான்கு இரவுகளில் தோற்றிருக்கிறது. இச்சோதனையின் முறை நள்ளிரவுக்கு முன் வந்த இரவுகளில் எல்லாம் தேர்ச்சி. கணினி கிடைக்காமல் ஓட்டம் தாமதமாகி, சோதனை நள்ளிரவுக்குப் பின் ஓடிய நான்கு இரவுகளிலும் தோல்வி. இந்த அறிக்கையின் இரவில் ஓட்டம் 11.52-க்குத் தொடங்கியது, சோதனை அதிகாலை 1.12-க்கு ஓடியது.

மென்பொருளில் புதுப்பித்த நாளைக் குறிக்கும் வரி இது:

```python
renewed_on = datetime.now(timezone.utc).date()
```

இவ்வரி உலகப் பொது நேரத்தின்படி தேதியை எடுக்கிறது. சோதனையோ இந்திய நேரத்தில் இயங்கும் கணினியின் தேதியை எதிர்பார்க்கிறது. இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. ஆகையால் இந்தியாவில் நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5.30 வரை உலகப் பொது நேரத்தில் முந்தைய தேதியே நடந்துகொண்டிருக்கும். மார்ச் 14 அதிகாலை 1.12 என்பது அங்கே மார்ச் 13 மாலை 7.42. பகலில் இரு தேதிகளும் ஒன்றே என்பதால் பகலில் எத்தனை முறை ஓட்டினாலும் இது தெரியாது.

இது சோதனையின் குறையா, மென்பொருளின் குறையா? பயனர் பக்கத்திலிருந்து பார்த்தால் விடை தெளிவு. மார்ச் 14 அதிகாலை 1 மணிக்கு வீட்டிலிருந்தபடி இணையத்தில் நூலைப் புதுப்பிக்கும் வாசகருக்கு, புதுப்பித்த நாள் மார்ச் 13 என்று பதிவாகிறது. திருப்பித் தர வேண்டிய கெடுவும் ஒரு நாள் முன்னதாகிறது. சரியான நாளில் கொண்டுவந்து தந்தாலும் அவரிடம் ஒரு நாள் தண்டம் வசூலிக்கப்படும். ஆகவே இது உண்மையான பழுது; அதுவும் தண்டக் கணக்கின் பழுதைவிட மறைவானது. தண்டப் பழுது முதல் இரவே பிடிபட்டது. இதுவோ நான்கு இரவுகள் எட்டிப்பார்த்தும், ஒவ்வொரு முறையும் காலை மறுஓட்டத்தில் மறைந்துபோனது.

சோதனையையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டால் அறிக்கை உடனே பச்சையாகும். ஆனால் பழுது மென்பொருளில் நிலைத்துவிடும். அதைச் சொல்லக்கூடிய ஒரே சோதனையும் வாய் அடைபட்டுவிடும். சரியான திருத்தம் மென்பொருளில் செய்ய வேண்டியது:

```python
renewed_on = datetime.now(ZoneInfo("Asia/Kolkata")).date()
```

சோதனையும் ஓடும் நேரத்தின் கடிகாரத்தை நம்பாமல், கடிகாரத்தைத் தானே நிறுத்தி வைத்து இரவு 11.30, அதிகாலை 1.12 என்னும் இரு நேரங்களுக்கும் விடையைப் பார்க்குமாறு எழுதப்பட வேண்டும். அதன்பின் அது நண்பகலில் ஓடினாலும் நள்ளிரவுப் பிழையைக் காட்டிவிடும்.

## எத்தனை முறை ஓட்டினால் போதும்?

தடுமாறும் சோதனையைத் திருத்திய பின் ஐந்து முறை ஓட்டி, ஐந்திலும் தேர்ச்சி என்றால் சரியாகிவிட்டது என்று கொள்வது வழக்கம். ஆனால் பத்துக்கு ஒரு முறை தோற்கும் சோதனை, திருத்தப்படாமலேயே தொடர்ந்து ஐந்து முறை தேர்ச்சி பெறும் வாய்ப்பு 0.9-இன் ஐந்தாம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 0.59. பாதிக்கு மேற்பட்ட சமயங்களில் ஒன்றும் செய்யாமலே "சரியாகிவிட்டது" என்ற முடிவு கிடைக்கும்.

நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு உறுதி வேண்டுமானால் இச்சோதனையைத் தொடர்ந்து 29 முறை தேர்ச்சியுடன் ஓட்ட வேண்டும். நூற்றுக்கு ஒரு முறை தோற்கும் சோதனைக்கு 299 முறை தேவை. மனத்தில் வைத்துக்கொள்ள எளிய வழி ஒன்று உண்டு: எத்தனைக்கு ஒரு முறை தோற்கிறதோ அந்த எண்ணை மூன்றால் பெருக்கினால் தேவையான ஓட்டங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ வந்துவிடும். ஒரே ஒரு சோதனையை மட்டும் ஓட்டுவதால் பெரும்பாலும் இது சில நிமிடங்களில் முடியும். வரிசையையோ நேரத்தையோ சார்ந்த சோதனைகளுக்கு இக்கணக்கு பொருந்தாது. பகலில் ஆயிரம் முறை ஓட்டினாலும் `test_renewed_today` ஒரு முறைகூடத் தோற்றிருக்காது.

## தானியங்கி மறுஓட்டமும் அறிக்கையும்

தோற்ற சோதனையைக் கருவியே மீண்டும் ஓட்டும் வசதி பல கருவிகளில் உண்டு. `pytest-rerunfailures` இருந்தால் `--reruns 2` என்று கொடுக்கலாம். ஜாவா மொழித் திட்டங்களில் பயன்படும் சூர்ஃபயர் கருவியில் `rerunFailingTestsCount` என்னும் அமைப்பு இதைச் செய்கிறது. மூன்றில் ஒரு முறை தேர்ச்சி பெற்றாலே போதும் என்று இவை கணக்கிடுகின்றன.

இதன் ஆபத்து, பயனருக்குப் பத்தில் ஒரு முறை நேரும் உண்மையான பழுதையும் இது பச்சையாக்கிவிடும் என்பது. பத்துக்கு ஒன்று தோற்கும் சோதனை மூன்று முறையும் தோற்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று மட்டுமே. எனவே இவ்வசதியைப் பயன்படுத்தும் அறிக்கையில் தேர்ச்சி, தோல்வி என்ற இரண்டுடன் "மறுஓட்டத்தில் தேர்ச்சி" என்ற மூன்றாவது வகையும் தனியே எண்ணப்பட வேண்டும். சூர்ஃபயர் தன் முடிவு வரியில் இவற்றை `Flakes` என்று தனியே காட்டுகிறது. `pytest` முடிவு வரியில் `rerun` என்று எண்ணிக்கை வரும். முதல் தோல்வியின் முழுச் செய்தியும், அது நிகழ்ந்த மணியும், விதை எண்ணும் சேமிக்கப்பட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் மூன்று புதிர்களும் அவிழ்ந்தது இவற்றைக் கொண்டுதான்.

## தனிமைப்படுத்தல்

தடுமாறுவதாக உறுதியான சோதனையை உடனே திருத்த இயலாதபோது அதை முதன்மைத் தொகுப்பிலிருந்து எடுத்துத் தனித் தொகுப்பில் வைப்பர். இதைத் தனிமைப்படுத்தல் என்பர். முதன்மை அறிக்கையில் சிவப்பு வந்தால் அது பொருளுடையது என்ற நம்பிக்கை இதனால் மீள்கிறது.

தனிமைப்படுத்திய சோதனையும் ஒவ்வோர் இரவும் ஓட வேண்டும். அதன் முடிவு தனி அறிக்கையாக வர வேண்டும். ஓட்டுவதையே நிறுத்திவிட்டால் அந்தப் பகுதிக்குக் காவல் இல்லாமல் போகிறது. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் ஒருவரும் கெடு நாளும் குறிக்கப்படாவிட்டால் தனித்தொகுப்பு வளர்ந்துகொண்டே போகும். கெடுவுக்குள் திருத்த முடியாததை நீக்கிவிட்டு, அப்பகுதிக்குச் சோதனை இல்லை என்று வெளிப்படையாகக் குறிப்பது மேல். முன்பு பத்துக்கு ஒன்று தோற்றது இப்போது பத்துக்குப் பத்தும் தோற்றால், அது தடுமாற்றத்திலிருந்து பழுதாக மாறியிருக்கிறது. தனி அறிக்கையில் தோல்வி விகிதத்தைத் தொடர்ந்து பார்த்துவந்தால் மட்டுமே இது தெரியவரும்.

## முறையின் வரம்பு

மேற்கண்ட மறுஓட்டங்கள் ஒரு கேள்விக்கு மட்டுமே விடை தருகின்றன: இத்தோல்வி எதைப் பொறுத்து மாறுகிறது? நிரலைப் பொறுத்து மாறினால் நேற்றைய மாற்றம் காரணம். சுமை, வரிசை, நேரம் ஆகியவற்றைப் பொறுத்து மாறினால் அவற்றில் தேட வேண்டும். குறை சோதனையில் உள்ளதா மென்பொருளில் உள்ளதா என்பதை எத்தனை மறுஓட்டமும் சொல்லாது. அதற்குத் தோற்ற வரியைப் படித்து, அந்தச் சூழலில் ஒரு பயனர் இருந்திருந்தால் அவருக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. இரு செயல்கள் ஒன்றையொன்று முந்துவதால் மிக அரிதாக எழும் பழுதுகள், இரவில் ஐந்தும் ஐந்துமாக ஓட்டும் பத்து ஓட்டங்களிலும் வெளிப்படாமலே போகலாம். அவற்றைத் தேர்ச்சி என்று முடித்துவிடாமல், செய்தியும் நேரமும் குறித்துத் திறந்த நிலையிலேயே வைத்திருந்தால், அடுத்த முறை அதே செய்தி வரும்போது இரண்டையும் ஒப்பிட முடியும்.